வேண்டுதலின் இரு நடைகள்

தெய்வத்திடம் கேட்கப்படுவது ஒன்றே ஆனாலும், அது வெண்பாவில் அமையும்போது ஒரு விதமாகவும் விருத்தத்தில் அமையும்போது வேறு விதமாகவும் நடக்கிறது. இதற்கான காரணத்தைச் சீர்களுக்குள்ளேயே காணலாம். விளக்கத்திற்காக எளிய குறள் வெண்பா ஒன்றை இங்கே கட்டிக்கொள்வோம்.

தாயே துயர்தீர்க்கத் தாமதமேன் நின்னடியே
சேயேன் புகுந்தேன் சரண்

முதற்சீரான ‘தாயே’ நேர்நேர் என்று அலகு பெறும், அதாவது தேமா. மாச்சீருக்குப் பின் நிரையசை வரவேண்டும் என்பது வெண்டளையின் விதி. ஆகவே ‘துயர்’ என்னும் நிரை வந்தது. ‘துயர்தீர்க்கத்’ என்பது புளிமாங்காய். காய்ச்சீருக்குப் பின் நேரசை வேண்டுமாதலால் ‘தாமதமேன்’ என்று தொடர்ந்தது. அதுவும் காய்ச்சீர் என்பதால் அடுத்தும் நேரில் தொடங்கும் ‘நின்னடியே’ நின்றது.

இங்கே ‘நின்னடியே’ என்பதை நீக்கி ‘உனதடியே’ என்று வைத்துப் பாருங்கள். பொருளில் மாற்றமில்லை. ஆனால் ‘உனதடியே’ நிரையில் தொடங்குவதால் காய் முன் நிரை வந்து கலித்தளை ஆகிவிடும். வெண்பா அதை ஏற்காது. தெய்வத்தை ‘நின்’ என்று அழைப்பதா ‘உனது’ என்று அழைப்பதா என்பதைக்கூட முன்னின்ற சொல்லே முடிவு செய்கிறது. தளை என்றால் கட்டு. வெண்பாவில் ஒவ்வொரு சொல்லும் தன் அயற்சொல்லோடு கட்டுண்டிருப்பதால், இடையில் ஒரு துதிச் சொல்லைச் செருகவோ ஒன்றை உருவவோ இடமில்லை. வேண்டுதல் ஒரே மூச்சில் சொல்லப்பட்ட கூற்றாகிவிடுகிறது. வெண்பாவுக்குரிய செப்பலோசை என்பதும் ஒருவர் மற்றொருவருக்கு எடுத்துச் சொல்வது போன்ற ஓசைதான்.

அடுத்த படி ஈற்றடி. ஏனைய அடிகளில் நான்கு சீர். கடைசி அடியில் மூன்றே. அந்த மூன்றாவதும் நாள், மலர், காசு, பிறப்பு என்னும் நான்கு வாய்பாடுகளுள் ஒன்றாக இருக்கவேண்டும். மேலே ‘சரண்’ மலர் என்னும் வாய்பாட்டில் முடிந்தது. அடி குறுகுவதால் வேண்டுதலுக்கு ஒரு முடிவு கிடைக்கிறது: கேள்வியாக எழுந்தது சரணாகதியாக அமர்கிறது. வெண்பாவில் பிரார்த்திப்பவர் கடைசிச் சொல்லை முதலில் தேடுவது நல்லது என்பது என் துணிவு. அந்தச் சொல் வலுவின்றி இருந்தால், மற்ற சீர்கள் பிழையற்றிருந்தும் பாட்டு சாய்ந்துவிடும்.

இனி அதே வேண்டுதல் அறுசீர் விருத்தத்தில் எப்படி நடக்கிறது என்று பார்ப்போம். நான்கு அடிகளுள் இரண்டு போதும்.

தாயே உன்றன் தாள்பணிந்தேன் தயங்கும் நெஞ்சின் துயர்தீர்ப்பாய்
சேயேன் செய்த பிழையெல்லாம் சினவா தென்றும் பொறுத்தருள்வாய்

‘தாயே உன்றன்’ என்பதில் மாச்சீருக்குப் பின் நேரசை வந்துள்ளது. வெண்பாவில் இது தளை பிறழ்ந்த இடம், இங்கே குற்றமன்று. விருத்தம் அயற்சொல்லைப் பார்ப்பதில்லை, இடத்தைப் பார்க்கிறது. மா, மா, காய் என்பது இதன் அரையடி. அதுவே மீண்டும் வந்து அடி நிறைகிறது. ‘உன்றன்’ இருக்குமிடத்தில் ‘நினது’ என்று வைத்தாலும் தேமா புளிமா ஆகுமே தவிர மாச்சீர் என்னும் அளவு கெடாது.

நான்கு அடிகளும் ஒரே அளவு, ஒரே எதுகை. குறுகும் அடி என்று ஒன்று இல்லாததால் ஒவ்வோர் அடியும் புதிதாக விண்ணப்பிக்கிறது: தீர்ப்பாய், பொறுத்தருள்வாய், காப்பாய் என்று அடுக்கலாம். தாளமின்றி இராகத்தில் விருத்தம் பாடுபவர் அரையடியில் நின்று, அச்சொல்லையே திரும்பத் திரும்ப விரித்து மேலே செல்ல இந்த அமைப்பு இடம் தருகிறது. உருகி மன்றாடும் நெஞ்சுக்கு இது ஏற்ற வடிவம்.

அதன் இடரும் இங்கேதான் இருக்கிறது. மேலே ‘என்றும்’ என்னும் சொல்லை எடுத்துவிட்டால் பொருள் பெரிதும் குறையாது. சீரை நிரப்பவே அது நிற்கிறது. அடி நீளநீள இத்தகைய அடைசொற்கள் பெருகும். ஒரு சொல்லை நீக்கிப் படிக்கும்போது ஓசை மட்டும் குறைந்து வேண்டுதல் குறையவில்லையென்றால், அது நிரப்புச் சொல் என்று அறியலாம்.

இரண்டையும் ஒரே நூலில் காண விரும்புவோர் பாரதியார் புதுவை மணக்குள விநாயகர்மேல் பாடிய விநாயகர் நான்மணிமாலையை எடுக்கலாம். வெண்பா, கட்டளைக் கலித்துறை, விருத்தம், அகவல் ஆகியவை இந்த வரிசையில் சுழன்று 40 பாடல்கள் அந்தாதியாகத் தொடர்கின்றன. அங்கே வெண்பாவின் ஈற்றுச் சொல்லுக்கு இரண்டு வேலைகள்: தன் பாட்டை முடிக்கவும் வேண்டும், அடுத்த பாட்டைத் தொடங்கவும் வேண்டும்.