உரைக்கு உரியவர் யார்?

2023 மே 31 அன்று டென்மார்க்கின் பாராளுமன்றத்தில், கோடை விடுமுறைக்கு முன் நிகழும் நிறைவு விவாதத்திலே பிரதமர் மெற்றே பிரெடெரிக்சன் உரையாற்றினார். பல கட்சிகளை உள்ளடக்கிய அரசாங்கத்தை வழிநடத்தியது பெருமைக்குரியதாகவும் சவாலாகவும் இருந்தது என்ற பாங்கில் சில வாக்கியங்களை வாசித்தார். பின்னர், தாம் வாசித்த பகுதி தம்முடையதன்று, வேறெந்த மனிதருடையதுமன்று, சற்ஜிபிரி என்னும் கணினி நிரல் ஆக்கியது என்று சபைக்கு அறிவித்தார்.

இதிலே குற்றங் காண்பதற்கு முன் ஒரு தடையை எதிர்கொள்ளல் வேண்டும். தலைவர்களுக்குப் பிறர் உரை எழுதிக்கொடுத்தல் புதிய வழக்கமன்று. எழுதுபவர் மனிதராயிருப்பின் ஒப்புக்கொள்ளும் நாம், நிரலாயிருப்பின் மட்டும் முகஞ்சுளிப்பது வெறும் பழக்கத்தின் பாற்பட்டதோ என ஒருவர் வினவலாம்.

ஐக்கிய அமெரிக்காவின் முதற் சனாதிபதி வொஷிங்ரனின் விடைபெறு உரையை எடுத்துக்கொள்வோம். 1792இல் அவர் ஓய்வுபெற எண்ணியபோது ஜேம்ஸ் மடிசன் ஒரு வரைவை எழுதிக்கொடுத்தார். அவ்வெண்ணம் அப்போது கைவிடப்பட்டது. 1796இல் வொஷிங்ரன் அப்பழைய வரைவுடன் தம் கருத்துகளையுஞ் சேர்த்து அலெக்சாண்டர் ஹமில்ரனுக்கு அனுப்பினார். ஹமில்ரன் புதிதாக ஒரு வரைவை எழுதினார். அனுப்பப்பட்டதைத் திருத்தி வேறொன்றையும் ஆக்கினார். இரண்டையும் ஒப்புநோக்கிய வொஷிங்ரன் முன்னதையே தெரிந்து, சில பகுதிகளை நீக்கியும் மாற்றியும், இறுதிப்படியைத் தம் கையாலேயே எழுதினார். அது 1796 செப்ரெம்பர் 19இல் பிலடெல்பியாப் பத்திரிகையொன்றில் வெளியாயிற்று. (அது மேடையில் ஆற்றப்பட்ட உரையே அன்று என்பது பலரும் மறந்துவிடும் செய்தி.) சொற்கள் பெரும்பாலும் ஹமில்ரனுடையவை. எனினும் அதை வொஷிங்ரனின் உரை எனக் கூறுவதிற் பொய்யில்லை. எதைச் சொல்லவேண்டும் என்பது அவரிடமிருந்தே புறப்பட்டது. எதை விடவேண்டும் என்பதையும் அவரே தீர்மானித்தார். எழுதியவரும் அவருடைய அமைச்சரவையில் இருந்து, அவர் மனத்தை அறிந்தவர். உடன்பாடில்லாதவிடத்து மறுத்துரைக்க வல்லவர்.

நிரலிடம் இவ்வறிதல் இல்லை. பெருந்தொகையான எழுத்துகளிலிருந்து, எச்சொல்லை அடுத்து எச்சொல் வருதல் கூடும் என்பதைக் கற்று, அது சொற்றொடர்களை ஆக்குகின்றது. ஆகவே விவரம் எதுவுங் கொடாது கேட்டால், பலரும் முன்பு சொல்லியதன் சராசரியையே அது தரும். டென்மார்க்கில் வாசிக்கப்பட்ட அவ்வாக்கியம் எந்நாட்டுக் கூட்டரசாங்கத்துக்கும் பொருந்தக்கூடியது. ஆயின், சம்பளம் பெறும் எழுத்தாளர் பலரும் இத்தகைய வாக்கியங்களையே எழுதுகின்றனர் என்பதையும் மறைத்தலாகாது. மறுதலையாக, ஒரு தலைவர் தம் கருத்துகளை விரிவாகக் கொடுத்து, நிரல் தந்ததை வொஷிங்ரனைப்போல் அடித்துத் திருத்துவாராயின், அவ்வுரையை அவருடையதன்று எனத் தள்ளுதல் அரிது. எனவே வேறுபாடு கருவியில் மட்டும் தங்கியதன்று. "இவ்வாக்கியத்தால் நீர் கருதுவது யாது?" என்று சபையில் ஒருவர் எழுந்து கேட்டால், தலைவர் தாமே விடையிறுக்க இயலுமா என்பதிலேயே அது பெரிதுந் தங்கியுள்ளது.

வெளிப்படுத்தல் பற்றிய வினா இதனின் வேறானது. தலைவருக்கு உரை எழுதுவோர் உளர் என்பதை இன்று கேட்போர் அறிவர். அறிந்ததைச் சொல்லாதுவிடுதல் ஏமாற்றாகாது. நிரல் பற்றி அத்தகைய பொது அறிதல் இன்னும் வேரூன்றவில்லை. மேலும், ஹமில்ரனின் மறைவுக்குப் பின் அவர் குடும்பத்தினர் அவ்வுரையில் அவருக்கிருந்த பங்கை நிலைநாட்ட முயன்றனர். நிரலுக்காக உரிமைகோர எவரும் வாரார். அதனால் உண்மையைச் சொல்லும் பொறுப்புத் தலைவர்மீதே முன்னிலும் பாரமாக விழுகின்றது.

எனினும் வெளிப்படுத்தினால் எல்லாம் சரியாகிவிடும் என்பதற்கில்லை. 2023 பெப்ரவரி 13இல் மிச்சிகன் மாநிலப் பல்கலைக்கழகத்தில் நிகழ்ந்த துப்பாக்கிச் சூட்டில் மாணவர் மூவர் இறந்தனர். அதையொட்டி வண்டர்பில்ற் பல்கலைக்கழகத்தின் பீபொடி கல்லூரி அலுவலகமொன்று தன் மாணவருக்கு அனுப்பிய மின்னஞ்சலின் அடியில், அது சற்ஜிபிரியின் வாசகத்தைத் தழுவியது என்னும் குறிப்பு இருந்தது. ஒளிவுமறைவு இல்லை; மேற்கோள் முறைப்படி திகதியுங்கூட இடப்பட்டிருந்தது. ஆயினும் மாணவர் கொதித்தெழுந்தனர்; அலுவலகம் மன்னிப்புக் கோர நேர்ந்தது. ஆண்டறிக்கையின் அடியில் அதே குறிப்பு இருந்திருந்தால் ஒருவரும் பொருட்படுத்தியிரார். துயர் விசாரித்தலிலோ, ஒருவர் நமக்காகச் சற்றுநேரம் இருந்து சொற்களைத் தேடினார் என்பதே நாம் பெறுவது. சொற்கள் அதன் அடையாளம் மட்டுமே. அத்தேடல் நிகழவில்லை என்பதையே அக்குறிப்பு நேர்மையாக அறிவித்தது.