வீட்டுப் பணிப்பெண்ணின் மருத்துவக் காப்புறுதி



பணியாளர்கள் உங்கள் சகோதரர்கள், தாங்க முடியாத பளுவை அவர்கள் மீது சுமத்தாதீர்கள், சுமத்தினால் நீங்களும் கை கொடுங்கள் என்னும் கருத்தில் அண்ணல் நபி (ஸல்) அவர்கள் அபூதர் (ரலி) அவர்களுக்கு உரைத்ததை நாம் பலமுறை கேட்டிருக்கிறோம். சோற்றிலும் துணியிலும் நம்மில் பெரும்பாலோர் குறை வைப்பதில்லை. வீட்டு வேலைக்கு வந்த பெண் நோயில் விழும் நாளில்தான் நம் நிலை தெரிகிறது.

சிங்கப்பூரில் அவளுடைய வைத்தியச் செலவு முழுவதும் முதலாளியின் பொறுப்பு. சம்பளத்தில் பிடிக்க இடமில்லை. மனிதவள அமைச்சு 2023 ஜூலை 1 முதல் காப்புறுதியின் வருடாந்தர வரம்பை 15,000 வெள்ளியிலிருந்து குறைந்தது 60,000 வெள்ளியாக உயர்த்தியது. "அப்படியானால் கவலை இல்லை" என்று இருந்துவிடுகிறோம். வியாபாரிகளாகிய நாம் சரக்குப் பட்டியலை வரி வரியாகப் பார்க்கிறோம். இந்தப் பத்திரத்தை மட்டும் ஏஜண்டிடம் விட்டுவிடுகிறோம்!

கணக்கைப் பாருங்கள். அவளுக்கு மூளையில் இரத்தக் கசிவு, ஆஸ்பத்திரி பில் 35,000 வெள்ளி என்று வைத்துக்கொள்வோம். முதல் 15,000 வெள்ளியைக் காப்புறுதிக் கம்பெனி முழுதாகக் கொடுக்கும். மீதி 20,000 வெள்ளியில் கம்பெனி நூற்றுக்கு 75 கொடுக்கும், 25 நம்முடையது. ஆக நம் கையிலிருந்து 5,000 வெள்ளி. பழைய வரம்பாக இருந்தால் 20,000 வெள்ளியும் நம் தலையில் விழுந்திருக்கும். அந்த 5,000 வெள்ளியையும் கம்பெனியே ஏற்கும்படி, கூடுதல் பிரீமியத்துக்குச் சில கம்பெனிகள் தனிச் சேர்ப்பு விற்கின்றன. கையிருப்பு குறைந்த சிறு கடைக்காரர் அதை விலை கேட்டுப் பார்ப்பது நல்லது.

இங்கே ஒரு குழப்பம் உண்டு. 5,000 வெள்ளி பிணைத்தொகை பறிபோனால் நம் பொறுப்பைக் குறைக்கும் வேறொரு சேர்ப்பும் விற்பார்கள். அது நம்மைக் காப்பது. நோயாளிக்கு அதனால் ஒரு காசும் வராது. இரண்டும் ஒன்றென்று எண்ணி வாங்குவோர் உண்டு.

2025 ஜூலை 1 முதல் தொடங்கும் காப்புறுதிகளில், எவற்றை விலக்கலாம் என்பதை அமைச்சு ஒரே சீராக வகுத்திருக்கிறது; ஏற்கப்பட்ட தொகையைக் கம்பெனி நேரே ஆஸ்பத்திரிக்குச் செலுத்தும். வயது 50க்கு மேற்பட்டவளுக்குப் பிரீமியம் வேறு. பிரீமியத்தை மிச்சப்படுத்த வயதான பணிப்பெண்ணை மாற்றுவது பற்றி என்னிடம் கேட்டவருக்கு, அவள் உங்கள் வீட்டில் எத்தனை வருடம் உழைத்தாள் என்று திருப்பிக் கேட்டேன்.

கட்டாயக் காப்புறுதி ஆஸ்பத்திரியில் தங்கும் வைத்தியத்துக்கும் ஒருநாள் அறுவைக்கும்தான். காய்ச்சலுக்கும் பல்வலிக்கும் கிளினிக்கில் ஆவது நம் பணம். அதை மிச்சம் பிடிக்க எண்ணி வீட்டு மாத்திரையோடு நிறுத்தினால், சிறு நோய் முற்றி ஆஸ்பத்திரி வரை போகும். பத்திரத்தின் பிரதி ஒன்றையும் கம்பெனியின் அவசரத் தொலைபேசி எண்ணையும் அடுப்படிச் சுவரில் ஒட்டி, நீங்கள் கடையில் இருக்கும்போது மயங்கி விழுந்தால் என்ன செய்வதென்று அவளுக்கும் வீட்டாருக்கும் சொல்லி வையுங்கள்.