ஒரே செலவில் இரண்டு பிள்ளைகளா?

"ரெண்டையும் வைச்சுவிடுங்கோ டொக்டர். ஒரே செலவில விசயம் முடிஞ்சிடும்."

ஒஷாவா, ஏஜக்ஸ், ஸ்காபரோ என்று ஐவிஎஃப் சிகிச்சைக்கு ஏறி இறங்கும் நம் தம்பதிகளுக்கு மிக இயல்பாக வரும் வேண்டுகோள் இது. கேட்பவர்களைப் பேராசைக்காரர்கள் என்று நான் சொல்லமாட்டேன். கலியாண வீட்டுக்குப் போகும்போதெல்லாம் "இன்னும் ஒண்டும் இல்லையோ?" என்ற கேள்வியை விழுங்கிக்கொண்டு வந்தவர்கள் அவர்கள். ஆனால் பரிதாபம் கணக்கைத் திருத்தாது. இந்தக் கணக்கு பிழை.

எப்படிப் பிழை? உறைய வைக்கத் தகுந்த இரண்டு நல்ல கருக்கள் கையில் இருக்கின்றன என்று வைத்துக்கொள்வோம். ஒவ்வொன்றும் கருப்பையில் ஒட்டிப் பிடிக்க 40 சதவீத வாய்ப்பு. இரண்டையும் ஒரே நாளில் வைத்தால், ஏதாவது ஒன்றாவது பிடிப்பதற்கான வாய்ப்பு 64 சதவீதம். நல்லது. ஆனால் அந்த 64-இல் 16 இரட்டைக் கர்ப்பம். அதாவது நான்கில் ஒன்று. இப்போது ஒன்றை மட்டும் வைத்து, அது பிடிக்காவிட்டால் மற்றதை உருக்கி அடுத்த மாதங்களில் வையுங்கள். மொத்த வாய்ப்பு என்ன? அதே 64. இரட்டை? ஏறக்குறைய இல்லை. இரண்டாவது கருவைச் சேர்த்து வைத்ததால் நீங்கள் சம்பாதித்தது கொஞ்சக் காலம் மட்டுந்தான். அந்தக் காலத்துக்கு விலை கொடுப்பவர் யார்?

"இது தாளில் போட்ட கணக்கு" என்பீர்கள். நியாயம். சுவீடன் முதலிய ஸ்கண்டிநேவிய நாடுகளில் 36 வயதுக்குக் குறைந்த 661 பெண்களை இரண்டு பிரிவாக்கிப் பார்த்தார்கள். முடிவு 2004-இல் வெளிவந்தது. ஒரு பிரிவினருக்கு இரண்டு கருக்கள் ஒன்றாக. மற்றவர்களுக்கு முதலில் ஒன்று, பலிக்காவிட்டால் உறைய வைத்த இன்னொன்று. முதல் பிரிவில் 100 பேரில் ஏறக்குறைய 43 பேருக்குக் குழந்தை பிறந்தது. இரண்டாம் பிரிவில் 39 பேருக்கு. ஆனால் முதல் பிரிவின் பிரசவங்களில் மூன்றில் ஒன்று இரட்டை. மற்றப் பிரிவில் 100-க்கு ஒன்றுகூட வரவில்லை. நாலு பேர் கூடுதலாகத் தாயானதற்குப் பதினாலு இரட்டைப் பிரசவங்கள் என்று படித்துப் பாருங்கள். அதுவும் உறைய வைத்த கருக்களில் கணிசமானவை உருக்கும்போது அழிந்த காலம் அது. இன்றைய அதிவேக உறைய வைத்தலில் பெரும்பாலானவை பிழைத்துவிடுகின்றன. அந்த நாலு பேரும் இன்னொரு முறை முயன்றிருக்கலாம்.

"இரட்டை என்றால் என்ன குறை? எங்கள் ஊரில் எத்தனையோ இரட்டையர் சுகமாக இருக்கிறார்களே?" இருக்கிறார்கள். பிழைக்காதவர்களை நீங்கள் எந்தக் கலியாண வீட்டில் பார்த்திருப்பீர்கள்? இரட்டைப் பிள்ளைகளில் பாதிக்கு மேல் 37 வாரம் நிறையும் முன்பே பிறக்கிறார்கள். மூன்று என்றால் சராசரியே 32 வாரத்தை ஒட்டித்தான் நிற்கிறது. மிக முந்திப் பிறந்தால் நுரையீரல் தானாக விரியாது. மூளையில் இரத்தம் கசியலாம். பெருமூளை வாதம் வரும் ஆபத்து ஒற்றைப் பிள்ளைக்கு இருப்பதைப்போல் பல மடங்கு. தாய்க்கு இரத்த அழுத்தம் ஏறி வரும் நச்சுநிலையும், பேற்றுக்குப் பிறகான இரத்தப்போக்கும் கூடுகின்றன. மிக முந்திப் பிறந்த பிள்ளையைப் பராமரிக்கும் உயர்நிலைப் பிரிவுகள் ரொறன்ரோவில், சன்னிபுரூக், மவுண்ட் சைனாய், சிக்கிட்ஸ் போன்ற இடங்களில் இருக்கின்றன. தையல் காயாத ஒரு தாய், பால் எடுத்த போத்தலோடு ஒஷாவாவிலிருந்து 401 நெடுஞ்சாலையில் தினமும் போய்வருவதை "ஒரே செலவு" என்ற கணக்கில் எந்த வரியில் எழுதினீர்கள்?

செலவு என்றதும் ஒன்று சொல்லவேண்டும், பலருக்கு இது தெரியாது. கனடாவின் வேலைக் காப்புறுதியில் பெற்றோர் விடுப்புக்கான வாரங்கள், பிறந்தது ஒன்றா இரண்டா என்று பார்ப்பதில்லை. இரட்டை என்பதற்காக ஒரு வாரங்கூட அதிகம் கிடையாது.

மூன்றாகிவிட்டால் இன்னொரு வாசல் திறக்கிறது. ஒரு கருவே இரண்டாகப் பிளவுபடுவதுண்டு. அது அரிது, யாராலும் தடுக்கமுடியாது. ஆனால் இரண்டு வைத்து அதில் ஒன்று பிளந்தால் மூன்று. அப்போது மருத்துவர் மூன்றாம், நான்காம் மாதத்தில் ஒரு கருவின் துடிப்பை ஊசியால் நிறுத்துவது பற்றிப் பேசுவார். பேசும்போதே மற்றவையும் சேர்ந்து போகலாம் என்றும் சொல்வார். பத்து வருடம் ஏங்கிய தம்பதி, எதை நிறுத்துவது என்று உட்கார்ந்து முடிவெடுக்கவேண்டும்.

இதற்குள் ஒருவர் கேட்பார்: "எல்லாம் கடவுள் விட்ட வழிதானே?" இயற்கையாய் இரட்டை வந்தால் யாரையும் கேள்வி கேட்கமுடியாது. இங்கே கருவை மெல்லிய குழாயில் ஏற்றி உள்ளே விட்டவர் ஒரு மருத்துவர். எத்தனை என்று எழுதிய படிவத்தில் இருப்பது உங்கள் கையெழுத்து. இரண்டும் கொழுகொழுவென்று வீட்டுக்கு வந்தால் கடவுள் இரட்டிப்பாய்த் தந்தார்; 27 வாரத்தில் வந்து இன்குபேட்டரில் கிடந்தால் விதி. வரவுக்குக் கடவுள், நட்டத்துக்கு விதி என்றால் அந்தக் கையெழுத்துக்கு யார் பொறுப்பு? படிவத்தில் கையெழுத்திட முடியாத ஒருவர்தான் அதன் முழு விலையையும் தன் உடம்பில் சுமக்கப்போகிறார்.

ஒன்ராறியோ அரசு 2015 டிசம்பரில் 43 வயதுக்குக் குறைந்தவர்களுக்கு ஒரு ஐவிஎஃப் சுற்றின் செலவை ஏற்கத் தொடங்கியபோது, கருக்களை ஒவ்வொன்றாக வைக்கவேண்டும் என்ற ஏற்பாட்டோடுதான் தொடங்கியது. அந்தச் சுற்றில் கிடைத்த நல்ல கருக்கள் அனைத்தையும் ஒன்றன்பின் ஒன்றாக வைக்கும் செலவு அதற்குள் அடங்கும். மருந்துச் செலவு அடங்காது, காத்திருப்போர் வரிசையும் நீளம். என்றாலும் அந்த வரிசைக்குள் வந்தவருக்கு "ஒரே செலவில ரெண்டு" என்ற காரணம் அங்கேயே செத்துவிட்டது. கியூபெக் இதை 2010-இலேயே செய்தது. அங்கே ஐவிஎஃப் கர்ப்பங்களில் நான்கில் ஒன்று என்றிருந்த பல்கர்ப்பம் சில மாதங்களிலேயே ஒற்றை இலக்கச் சதவீதத்துக்கு இறங்கியது. ஒரு முறை வைக்கும்போது கர்ப்பமாகும் வீதமும் குறைந்தது. அதை மறைத்து வாதாட எனக்கு விருப்பமில்லை.

இந்த வாதத்துக்கு எல்லையும் உண்டு. 40 வயதைத் தாண்டிய பெண்ணின் கரு ஒட்டும் வாய்ப்பே குறைவு. குரோமோசோம் பரிசோதனை செய்யாத கருக்களில் ஒன்றுக்கு மேல் வைப்பதை வழிகாட்டுதல்களும் அவருக்கு அனுமதிக்கின்றன. பரிசோதித்துச் சரியென்று தெரிந்த கரு என்றால் எந்த வயதிலும் ஒன்றுதான்.

பிறகு, சென்னைக்குப் பறக்கிறவர்கள். ஆறு வார லீவு, டிக்கெட் காசு, திரும்பி வரவேண்டிய அவசரம். அங்கேதான் "ரெண்டா வைச்சிடுங்கோ" என்ற வார்த்தை இன்னும் எளிதாக வாயில் வருகிறது. போகிறவர்கள் போகட்டும். கிளினிக்கில் வெற்றி வீதம் என்று ஒரு எண்ணைக் காட்டுவார்கள். அது வெறுமனே கர்ப்பப் பரிசோதனை பொசிட்டிவ் ஆனவர்களின் எண்ணிக்கையாக இருக்கலாம். மேசைக்கு இந்தப் பக்கத்திலிருந்து வேறொரு எண்ணைக் கேளுங்கள்: என் வயதில் 100 பேருக்குக் கரு வைத்தீர்கள், அவர்களில் எத்தனை பேர் மாதம் நிறைந்து ஒற்றைப் பிள்ளையைப் பெற்று வீட்டுக்குத் தூக்கிப்போனார்கள்? எத்தனை பேருக்கு இரட்டை? அதற்கு எண் இல்லை, சிரிப்புத்தான் பதில் என்றால், எத்தனை கரு வைப்பது என்ற முடிவை அவர்கள் கையில் விடுவதற்கு உங்களிடம் என்ன காரணம் இருக்கிறது?