விதியா, ரிவர்ஸ் கியரா?

வீட்டு வாசலில் ரிவர்ஸ் எடுத்த காரில் சிக்கிக் குழந்தை இறந்தால், துக்கத்துக்கு வருகிறவர்கள் ‘விதி’ என்கிறார்கள். ஆறுதலுக்குச் சொல்லும் சொல்தான். ஆனால் அது காரணத்தை மூடிவிடுகிறது. காரணம் தெரியாத இடத்தில் அடுத்த குழந்தையும் சாகும்.

அந்தக் காரணத்தை அளந்தே பார்க்கலாம். காரின் பின் கண்ணாடி தரையிலிருந்து ஏறத்தாழ ஒரு மீட்டர் உயரத்தில்தான் தொடங்குகிறது. இரண்டு வயதுக் குழந்தை அதைவிடக் குட்டை. பம்பரை ஒட்டி நின்றால், ஓட்டுபவர் எத்தனை முறை திரும்பிப் பார்த்தாலும் தெரியாது. 2002இல் அமெரிக்காவில் ஒரு குழந்தை மருத்துவர் தம் வீட்டு வாசலில் வண்டியைப் பின்னோக்கி எடுத்தபோது, இரண்டு வயது மகன் கேமரன் அடிபட்டு இறந்தான். அந்தத் தந்தை விதியை நொந்து ஒதுங்கிவிடவில்லை; சட்டம் கேட்டுப் போராடினார். 2008இல் மகன் பெயரிலேயே சட்டம் வந்தது. 2018 மே முதல் அங்கே புதிய கார்கள் அனைத்திலும் பின்புறக் கேமரா கட்டாயம். இந்தியாவிலும் 2019 ஜூலை முதல் புதிய கார்களில் ரிவர்ஸ் சென்சார் கட்டாயமாயிற்று.

ஆனால் மதில் சுவருக்கு அப்பால் வரும் பைக்கைச் சென்சார் காட்டாது. காரின் பின்பாதி தெருவுக்கு வந்த பிறகே ஓட்டுபவரின் கண் மதிலைத் தாண்டுகிறது. முப்பது கிலோமீட்டர் வேகத்தில் வரும் பைக் ஒரு நொடியில் எட்டு மீட்டர் கடந்துவிடும். கண்டு, திடுக்கிட்டு, பிரேக்கை மிதிப்பதற்குள் அது காரை நெருங்கியிருக்கும். முன்னோக்கி வெளியே வந்தாலும் மதில் மறைக்கும்தான். ஆனால் அப்போது கழுத்தைப் பின்பக்கம் திருப்ப வேண்டியதில்லை. பின் தூணும் சீட்டின் தலைச்சாய்வும் குறுக்கே நிற்பதில்லை.

அப்படியானால் யார் வழிவிட வேண்டும்? ரிவர்ஸ் எடுப்பவர்தான். பிறருக்கு ஆபத்து நேராது என்று உறுதி செய்துகொள்ளும் கடமையைச் சட்டம் அவர்மேல்தான் வைக்கிறது. நடப்பவருக்கும் சைக்கிளுக்கும் பைக்குக்கும் அவர் காத்திருக்க வேண்டும். ரிவர்ஸில் ஒலிக்கும் பாட்டு ஊரை ஒதுங்கச் சொல்லும் ஆணை அல்ல. வாட்ச்மேன் கை காட்டினாலும் பொறுப்பு ஸ்டியரிங்கைப் பிடித்தவரைவிட்டு நீங்காது.

புது வண்டிக்குச் சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்குகிறோம். யாரோ ஒருவரின் கண் பட்டு ஆபத்து வருவதில்லை. நம் கண் படாத இடத்திலிருந்துதான் வருகிறது. அந்த இடத்தைப் பார்க்கக் காரை ஒருமுறை சுற்றி வந்தால் போதும். அரை நிமிடம் ஆகாது.

வீடு திரும்பியதும், குழந்தை யார் கையில் இருக்கிறது என்று கேட்டுத் தெரிந்துகொண்டு, இறங்கிச் சுற்றிப் பார்த்து, காரைப் பின்னோக்கி உள்ளே விடுங்கள். காலையில் முன்னோக்கி வெளியே வாருங்கள். பார்க்காமல் ரிவர்ஸ் எடுத்தவர் விதியின்மேல் பழி போடுவது, செய்த குற்றத்தை மறைப்பதே ஆகும்.