எழுவாய் இல்லாத வருத்தம்

திருச்சானூரில் தாயார் கோயிலைச் சூழ்ந்த தெருக்களில் ஒரு திண்ணையில் தொடங்கும் பேச்சு எந்த மொழியில் முடியும் என்று முன்னரே கூறிவிட இயலாது. பூக்காரியிடம் விலை பேசும்போது தெலுங்கு. விலை படியாமல் தமக்குள் முணுமுணுக்கும்போது தமிழ். வட ஆர்க்காட்டின் பகுதிகளையும் கடப்பையின் பகுதிகளையும் சேர்த்து 1911இல் சித்தூர் மாவட்டம் அமைந்தது. 1953இல் ஆந்திர மாநிலம் பிறந்தது. 1960இல் எல்லை திருத்தப்பட்டுத் திருத்தணி தெற்கே வந்தது. 2022இல் திருப்பதி தனி மாவட்டமாயிற்று. கோடுகள் இவ்வாறு இடம் மாறினவே அன்றித் திண்ணைப் பேச்சு மாறவில்லை. ‘வேங்கடம் நம்மிடமே இருந்திருக்க வேண்டும்’ என்று தமிழ் மன்றங்களில் எழும் பெருமூச்சை நாம் ஈண்டு எடுத்துக்கொள்ளப் போவதில்லை. ஆயினும் அந்த வாக்கியத்தில் ஒரு குறை உண்டு: தவறியவர் யார் என்று அது சொல்வதில்லை. அக்குறையே நம் பொருள்.

நாம் அறிந்த இரண்டு வீடுகள் எதிரெதிரே இருந்தன. ஒன்று தெலுங்கு பேசும் மூதாட்டியின் வீடு; மற்றொன்று தமிழ்க் குடும்பத்தின் வீடு. அத்தமிழ்ப் பெண்மணி மூதாட்டியை ‘அக்கா’ என்றே அழைப்பார். அச்சொல் இரு மொழிக்கும் பொதுவாதலின் அதில் பிணக்கு எழ வழியில்லை. ஒருநாள் மாலை தமிழ்க் குடும்பத்தின் தலைவருக்கு நெஞ்சில் ஏதோ அடைப்பது போல் இருந்தது. வாயுவாக இருக்கும் என்று ஓமத் தண்ணீர் கொடுத்தார்கள். விடியற்காலையில் திருப்பதிக்கு எடுத்துச் சென்றும் பயனின்றிப் போயிற்று.

மூன்றாம் நாள் துக்கம் கேட்க வந்த மூதாட்டி நெடுநேரம் பேசாமல் அமர்ந்திருந்தார். எழும்போது, ‘அப்புடே செப்பி உண்டால்சிந்தி’ என்றார். அப்போதே சொல்லியிருக்க வேண்டும் என்பது பொருள். அவ்வளவுதான், வேறொன்றும் சொல்லவில்லை. அந்த வீட்டில் வண்டி இருந்தது, மகன் இருந்தான், கதவைத் தட்டியிருந்தால் பத்து நிமிடத்தில் கிளம்பியிருப்பார்கள். ஆகவே கைம்பெண்ணின் செவியில், ‘நீ எங்களிடம் அப்போதே சொல்லியிருக்க வேண்டும்’ என்றே அது விழுந்தது. பிணம் எடுத்த வீட்டில் வந்து குற்றம் சாட்டிவிட்டுப் போகிறாளே என்று அவர் மனம் வெந்தது. அன்று முதல் எதிர்வீட்டுக் கதவு திறந்தால் இந்த வீட்டுக் கதவு சாத்தப்பட்டது. அந்த ஆண்டுக் கார்த்திகை பிரம்மோற்சவத்தில் பஞ்சமி தீர்த்தத்தன்று ஊரே பத்ம சரோவரத்தில் மூழ்கி எழுந்தபோதும் இருவரும் வெவ்வேறு படித்துறைகளில் இறங்கினர்.

இனி அந்த வாக்கியத்தைச் சற்று அருகில் வைத்துப் பார்ப்போம். தமிழில் சொன்னேன், சொன்னாய், சொன்னார் என்று வினையின் இறுதியே செய்தவரைக் காட்டிவிடும். எழுவாய் வெளிப்பட வேண்டியதில்லை. தெலுங்கிலும் அவ்வாறே: செப்பானு என்றால் நான், செப்பாவு என்றால் நீ. ஆனால் ‘சொல்லியிருக்க வேண்டும்’ என்னும்போது அந்த இறுதி எங்கோ போய்விடுகிறது. நானும் சொல்லியிருக்க வேண்டும், நீயும் சொல்லியிருக்க வேண்டும், அவரும் சொல்லியிருக்க வேண்டும். வேண்டும் என்பது எவர்க்கும் வளையாது நிற்கிறது. ‘உண்டால்சிந்தி’ என்பதும் அத்தகையதே. அதன் ஈறு அஃறிணை ஒருமைக்கு உரியது. மனிதர் எவரையும் அது சுட்டாது. ஆங்கிலம் பேசுவோர்க்கு இத்துணை வசதி இல்லை. அவர் நான் என்றோ நீ என்றோ எழுவாயை வாய்திறந்து சொல்லியே தீர வேண்டும். நம் மொழிகளிலோ வருந்துதலும் பழித்தலும் ஒரே வாக்கியத்தில் குடியிருக்கின்றன.

இதற்கு நேர்மாறான ஒன்றையும் காண்க. ‘தெரிந்திருந்தால் சொல்லியிருப்பேன்’ என்கிறோம். இங்கே ஏன் ஈறு திரும்பி வந்துவிட்டது. தன்மை ஒருமை பளிச்சென்று தெரிகிறது. தெலுங்கில் இது இன்னும் தெளிவு. ஆண்மகன் ‘செப்பி உண்டேவாண்ணி’ என்பான். பெண் ‘செப்பி உண்டேதான்னி’ என்பாள். நான் என்பதோடு ஆணா பெண்ணா என்பதும் வெளிப்படுகிறது. அஃதாவது, சாக்குச் சொல்லும் வாக்கியத்தில் நான் நிமிர்ந்து நிற்கிறது. தவற்றை ஒப்பும் வாக்கியத்தில் நான் மறைந்துகொள்கிறது. இரு மொழிகளும் இதில் ஒத்துப்போவது நம்மைச் சற்றே நாணச் செய்கிறது. மொழி அவ்வாறு அமைந்ததற்கு ஒழுக்கக் காரணம் ஏதும் இல்லை என்பதை நாம் அறிவோம். வேண்டும் என்னும் வினையின் அமைப்பு அது. பசி வேண்டும், மழை வேண்டும் என்னும்போதும் அது வளைவதில்லை. ஆயினும் கிடைத்த மறைவிடத்தை மனிதன் பயன்படுத்திக்கொள்ளாமல் இருப்பானா?

பேசுவோர் இக்குறையை அறியாதவர் அல்லர். ஆகவே துணைக்கருவிகளை வைத்திருக்கின்றனர். ‘சொல்லியிருக்கக் கூடாதா?’ என்று வினாவாக வந்தால் பெரும்பாலும் எதிரே இருப்பவரைக் குறிக்கும். தெலுங்கில் இறுதியில் ‘கதா’ சேர்ந்தால் பேச்சு கேட்பவர் பக்கம் திரும்பும். முன்னே ஓர் ‘அய்யோ’வும் பின்னே நெற்றியில் ஓர் அடியும் சேர்ந்தால் வருத்தம் தன்னை நோக்கியது. ஆனால் இக்குறிகளெல்லாம் அவரவர் தாய்மொழியில்தான் எளிதாகப் பிடிபடும். அயல்மொழியைக் கற்கும்போது சொற்களைக் கற்கிறோம். பெருமூச்சின் அளவைக் கற்பதில்லை. சித்தூர்ப் பக்கத்துத் தமிழர் தெலுங்கில் சரளமாகப் பேசுவர் என்பது உண்மை. அச்சரளமே இடர் செய்கிறது. தட்டுத்தடுமாறிப் பேசுபவராக இருந்தால், ‘யார் சொல்லியிருக்க வேண்டும்?’ என்று மூதாட்டியைத் திருப்பிக் கேட்டிருப்பார்.

இன்னொரு சிக்கலும் உண்டு. தமிழில் ‘அவர் வந்திருக்கலாம்’ என்பதற்கு இரண்டு பொருள்: வந்தாரோ என்னவோ, தெரியவில்லை என்பது ஒன்று; வரக்கூடியவர் வரவில்லையே என்பது மற்றொன்று. தமிழர் இதனை அப்படியே பெயர்த்து ‘வச்சி உண்டவச்சு’ என்பார். கதா முதலிய அசை சேராதபோது தெலுங்கர் செவிக்கு அது பெரும்பாலும் முதற்பொருளையே தரும். வந்திருந்தாலும் வந்திருப்பார் என்று அவர் கொள்வார். வராமையைக் குறித்து வருந்துவதற்கு அவர்களிடம் ‘வச்சி உண்டே பாகுண்டேதி’ என்னும் வழி இருக்கிறது; வந்திருந்தால் நன்றாயிருந்திருக்கும் என்பது அதன் கருத்து. தமிழர் வருந்துவது அங்கே ஊகமாகப் போய்ச் சேர்கிறது.

வருந்துதலில் ‘நான்’ இருந்தால் என்ன, இல்லாவிட்டால் என்ன என்று வினவலாம். ஆங்கிலேய மெய்யியலார் பெர்னார்டு வில்லியம்ஸ் 1976இல் இதனைக் குறித்து ஓர் எடுத்துக்காட்டுத் தந்தார். ஒரு லாரி ஓட்டுநர். அவர்மீது எத்தவறும் இல்லை. ஆனால் குழந்தை ஒன்று சக்கரத்தில் அகப்பட்டு இறந்துவிடுகிறது. நின்று பார்த்தவர்களும் வருந்துவர், ஓட்டுநரும் வருந்துவார். இரண்டு வருத்தமும் ஒன்றல்ல என்பது வில்லியம்ஸின் கருத்து. பார்த்தவர் வருத்தம் ‘இப்படி நடந்திருக்க வேண்டாம்’ என்பது. ஓட்டுநர் வருத்தத்தில் அவர் கை இருக்கிறது. மற்றவர் தேற்றுவது இயல்பு. ஆயினும் அவர் மிக எளிதாகத் தேறிவிட்டால் நாமே அவரை ஐயத்தோடு பார்ப்போம். நம் பொதுவாக்கியமோ ஓட்டுநரையும் வேடிக்கை பார்த்தவரையும் ஒரே வரிசையில் நிறுத்திவிடுகிறது.

வள்ளுவரும் இவ்விடத்தை ஒருமுறை தொட்டிருக்கிறார். 655ஆம் குறள், ‘எற்று’ என்று பின்னர் இரங்கத்தக்க செயலைச் செய்யாதே என்று தொடங்குகிறது. செய்துவிட்டால்? அத்தகையதைச் செய்யாமை நன்று என்கிறார். அத்தகையது எது என்பதில் உரையாசிரியர்கள் பிரிகின்றனர். அச்செயலை மறுபடி செய்யாதே என்பது ஒரு சாரார் உரை. பின்னிருந்து அவ்விரங்கலைச் செய்யாதே என்பது பரிமேலழகர் உரை. வினைத்தூய்மை என்னும் அதிகாரம் அமைச்சனுக்கு உரியது. அரசியல் நடத்துபவன் புலம்பிக்கொண்டிருந்தால் அடுத்த வேலை கெடும். அவ்வகையில் பரிமேலழகர் கூறுவது பொருந்தும். எதிர்வீட்டு மூதாட்டிக்கு அது பொருந்துமா என்றால், நமக்கு ஐயமே. அமைச்சனுக்கு அடுத்த வேலை இருக்கிறது. அவருக்கோ அடுத்து இருந்தது சாத்திய கதவு ஒன்றுதான்.

ஏறக்குறைய ஓராண்டு சென்றபின், பேரக் குழந்தையைத் தொட்டிலில் இடும் நாளில், இருவரும் ஒரே கூடத்தில் அமர நேர்ந்தது. பின்னாளில் இருவரும் தனித்தனியே நம்மிடம் கூறியவற்றைச் சேர்த்துச் சொல்கிறோம். ‘நான் என்ன வேண்டுமென்றா சொல்லாமல் இருந்தேன், அக்கா? அன்று என்னை அப்படிச் சொல்லிவிட்டீர்களே’ என்று கைம்பெண்தான் வாய் திறந்தார். மூதாட்டிக்கு முதலில் ஒன்றும் விளங்கவில்லை. விளங்கியதும், ‘நேனு!’ என்று தம் மார்பைத் தொட்டுக் காட்டினார். அன்று மாலை அவர் வாசலில் நின்றிருக்கிறார். எதிர்த் திண்ணையில் அம்மனிதர் வியர்த்து, நெஞ்சை நீவியபடி அமர்ந்திருந்ததைப் பார்த்திருக்கிறார். சென்று சொல்ல வேண்டும் என்று நினைத்திருக்கிறார். அடுப்பில் பால் இருந்தது. உள்ளே போனவர் மறந்துவிட்டார்.

இங்கே பிணக்குத் தீர்ந்தது என்று எழுதிவிட நமக்கும் ஆசைதான். ஆனால் திருத்தப்பட்ட வாக்கியம் பழையதைவிடக் கடுமையானது. நீ என்று கேட்டபோது அது வெறும் பழி. நான் என்று ஆனபோதோ அதில் ஒரு செய்தி இருந்தது. அவர் பார்த்திருக்கிறார். அப்போதே சென்றிருந்தால் உயிர் தப்பியிருக்குமா என்பதை எவரும் சொல்ல இயலாது. மாரடைப்பில் காலத்தின் அருமை பெரிது என்பது மட்டும் உண்மை. சொல்லியிருந்தால் என்று தொடங்கும் எந்த வாக்கியமும் தன் மறுபாதியை மெய்ப்பித்துக் காட்ட வல்லதன்று.

கைம்பெண் சற்று நேரம் தொட்டில் கயிற்றைப் பிடித்தபடி இருந்தார். ஓராண்டாக அவர் எவரிடமும் சொல்லாத ஒன்று உண்டு. ஓமத் தண்ணீர் கொடுத்தவர் அவர். வாயு என்று முதலில் சொன்னவரும் அவர். மூதாட்டியின் வாக்கியத்தில் எழுவாய் இல்லாதபோது, அவ்விடத்தில் தம்மையே வைத்துக்கொண்டவரும் அவரே. வேறொருவர் வீட்டில் அதே சொற்களைக் கேட்டிருந்தால், அக்கா தம்மையே நொந்துகொள்கிறார் என்று எளிதில் அறிந்திருப்பார்.

‘அன்றைக்கு ராத்திரியே ஆஸ்பத்திரிக்குப் போயிருக்கலாம்’ என்றார், தமிழில்.

மூதாட்டியின் தெலுங்குச் செவிக்கு அது போதவில்லை. ‘எவரு?’ என்று கேட்டார்.

‘நாமதான், அக்கா’ என்று விடை வந்தது.