மறுபடி படிப்பது என்றால் என்ன? – தம்பிக்கு ஒரு கடிதம்

அன்புத் தம்பிக்கு,

அம்மா நேற்று ராத்திரி போன் பண்ணினாங்க. எஸ்.பி.எம். ரிசல்ட் வந்ததிலிருந்து நீ சாயங்காலமானா தஞ்சோங் டாவாய் படகுத்துறைக்குப் போய் உட்கார்ந்துடுறியாம், இருட்டின பிறகுதான் வீட்டுக்கு வர்றியாம். வரலாற்றில் ஜி. மற்றதெல்லாம் பாஸ். ஆனா வரலாற்றில் தேறாதவனுக்கு 2013-லிருந்து எஸ்.பி.எம். சான்றிதழே இல்லை. மலாய் மொழிக்கும் அதே சட்டம்தான். ஒரு பாடத்துக்காக எல்லாமே போச்சேன்னு உனக்குத் தோணுறது எனக்குப் புரியுது.

வீட்டில் ஆளுக்கொரு காரணம் சொல்றாங்களாம். பாட்டி "அவன் தலையெழுத்து" என்கிறாங்க. அப்பா "சோம்பேறித்தனம்" என்கிறார். இரண்டும் எதிரெதிர் போலத் தெரியும், ஆனா இரண்டும் ஒரே வேலையைத்தான் செய்யுது. விதி என்று சொல்லிவிட்டால் அதற்குமேல் கேட்க ஒன்றுமில்லை. குற்றம் என்று சொல்லிவிட்டால் திட்டுவதோடு முடிந்துவிடும். "எங்கே தவறியது?" என்ற கேள்வியை இருவருமே கேட்கவில்லை. நீயும் கேட்கவில்லை என்று நினைக்கிறேன்.

எங்கள் பொறியியல் வகுப்பில் உடைந்த இரும்புத் தண்டு ஒன்றைக் கையில் கொடுத்துப் பார்க்கச் சொன்னாங்க. உடைந்த முகத்தில் கடற்கரை மணலில் அலை விட்டுப்போன கோடு மாதிரி வளைவு வளைவாக வரிகள் இருந்தால், அந்த விரிசல் ரொம்ப நாளாகச் சிறுகச் சிறுக வளர்ந்தது என்று அர்த்தம். வரியே இல்லாமல் முழுக்கக் கரடுமுரடாக இருந்தால், ஒரே அடியில் தாங்காமல் உடைந்திருக்கலாம். காரணம் வேறானால் மருந்தும் வேறு. அதைப் பார்க்காமல் அதே மாதிரி இன்னொரு தண்டை மாட்டினால் அதே இடத்தில்தான் மறுபடி உடையும்.

உன் உடைந்த முகத்தை நான் பார்த்திருக்கேன். போன செமஸ்டர் விடுமுறையில் உன் வரலாற்றுப் புத்தகத்தைப் புரட்டினேன். பக்கத்துக்குப் பக்கம் மஞ்சள் மை. மூன்று தடவை படிச்சேன்னு சொன்னே, அது பொய்யில்லை. அதனால் அப்பா சொல்வது சரியில்லை. நீ உழைச்சே. ஆனா உழைத்த விதத்தில் ஒரு விரிசல் இருந்தது.

2006-இல் அமெரிக்காவில் ரோடிகர், கார்ப்பிக்கி என்ற இரண்டு உளவியலாளர்கள் ஒரு சோதனை செய்தாங்க. மாணவர்களில் ஒரு பகுதியினர் ஒரு பத்தியைத் திரும்பத் திரும்பப் படித்தாங்க. இன்னொரு பகுதியினர் ஒருமுறை படித்துவிட்டு, பத்தியை மூடி, நினைவில் இருப்பதைத் தாளில் எழுதிப் பார்த்தாங்க. ஐந்து நிமிடம் கழித்துக் கேட்டபோது திரும்பப் படித்தவர்கள்தான் முன்னே. ஒரு வாரம் கழித்துக் கேட்டபோது நிலைமை தலைகீழ். எழுதிப் பார்த்தவர்களுக்கு 61 விழுக்காடு நினைவிருந்தது, திரும்பப் படித்தவர்களுக்கு 40 விழுக்காடுதான்.

இதுதான் உன் கதை. மூன்றாவது தடவை படிக்கும்போது எழுத்து பழகின முகமாகத் தெரியும். "இது எனக்குத் தெரியும்" என்று மனசு சொல்லும். பழகினதை அறிந்ததாக எண்ணி நாமே நம்மை ஏமாற்றிக்கொள்கிறோம். அதனால்தான் மறுபடி படிப்பதை நான் உழைப்பு பற்றிய கேள்வியாகப் பார்க்கவில்லை. நேர்மை பற்றிய கேள்வியாகப் பார்க்கிறேன். புத்தகத்தை மூடியதும் எனக்கு என்ன மிச்சம்? அதை வெள்ளைத்தாளில் பார்க்கப் பயமாக இருக்கும். அந்தப் பயத்தால்தான் கை மஞ்சள் பேனாவைத் தேடுது.

ஒரு பாடத்தை எடுத்துச் செய்து பார்ப்போம். நாலாம் பாரத்தில் மலாயன் யூனியன். ஒருமுறை படி, மூடு, தாளை எடு. "மலாய்க்காரர்கள் ஏன் எதிர்த்தாங்க?" என்று மேலே எழுதிக்கொள். உனக்கு என்ன வரும் என்று ஊகிக்கிறேன்: 1946 ஏப்ரல் 1-இல் தொடங்கியது, ஊர்வலம் நடந்தது, 1948 பிப்ரவரி 1-இல் கூட்டரசு வந்தது. எல்லாம் சரியான தகவல்தான், ஆனா கேள்விக்குப் பதிலில்லை. கேட்டது காரணம், நீ எழுதியது கதை. காரணம் என்றால், சுல்தான்களின் அதிகாரம் பறிபோனது, பிறந்த மண்ணை வைத்துத் தாராளமாகக் குடியுரிமை தர நினைத்தது, மெக்மைக்கல் சுல்தான்களை நெருக்கிக் கையெழுத்து வாங்கியது. நம் கெடா சுல்தான் பட்லிஷாவும் அப்படி நெருக்கப்பட்டவர்தான். இந்த மூன்றையும் விட்டுவிட்டு ஒரு பக்கம் எழுதினாலும் மதிப்பெண் வராது.

எழுதி முடித்ததும் புத்தகத்தைத் திறந்து, விட்டதை மட்டும் சிவப்பில் எழுது. அந்தச் சிவப்புதான் உன் பாடம், மற்றதை மறுபடி படிக்க வேணாம். மறுநாள் ஒருமுறை, மூணு நாள் கழித்து ஒருமுறை, வாரம் கழித்து ஒருமுறை, அதே கேள்வியை வெறும் தாளில் எழுது. இரண்டு பாரத்துக்கும் சேர்த்து இருபது பாடம். இரண்டு நாளைக்கு ஒன்று என்றால் நாற்பது நாள்.

இதிலும் ஒரு வரம்பு உண்டு. தாள் காலியாக இருந்தால், அதே பதிலை எனக்குத் தமிழில் சொல்லிப் பார். தமிழிலும் வரவில்லை என்றால் உனக்கு வரலாறு தெரியவில்லை. தமிழில் சரளமாக வந்து மலாயில் எழுத முடியவில்லை என்றால் குறை வரலாற்றில் இல்லை, மொழியில். அப்போது நூறு தடவை தாளில் எழுதினாலும் பயனில்லை. 'ந்யாத்தாக்கான்' என்றால் சொன்னால் போதும், 'ஹுராய்க்கான்' என்றால் விரித்து எழுதணும் என்பதிலிருந்து ஓர் ஆசிரியரிடம் உட்கார்ந்து கற்கணும். தமிழ்ப்பள்ளியிலிருந்து போன நம்மில் பலருக்கு விரிசல் அங்கேதான், ஆனா அதைச் சொல்ல வெட்கப்படுறோம்.

மாமா ராமானுஜன் கதையைச் சொன்னாராம். அவர் கல்லூரியில் எப்.ஏ. தேர்வில் 1906-லும் 1907-லும் தோற்றது உண்மை. கணக்கைத் தவிர மற்றதைத் தொடவில்லை என்பதுதான் காரணம். அவர் கடைசிவரை அந்தத் தேர்வில் தேறவே இல்லை. அதனால் அது உன்னைத் தேற்றும் கதையாக இருக்கலாம், மறுபடி படிக்கச் சொல்லித்தரும் கதை இல்லை. உனக்கு வேண்டியது ஒரு பாடத்தில் ஒரு பாஸ்.

அதற்கு அடுத்த எஸ்.பி.எம். வரை காத்திருக்க வேணாம். மறுதேர்வில் வரலாறும் உண்டு. தேர்வு வாரியம் விண்ணப்பம் திறக்கும் நாட்கள் குறைவு, அதனால் இந்த வாரமே பழைய பள்ளி அலுவலகத்தில் கேட்டுவிடு.

அப்பா லாரி ஓட்டிப் படிக்க வைத்தார், அவருக்குத் துரோகம் செய்துட்டேன்னு அம்மாவிடம் அழுதாயாம். தோற்றது துரோகமில்லை தம்பி. எங்கே தவறியது என்று தெரிந்த பிறகும் அவரிடம் "நல்லாத்தான் படிக்கிறேன்" என்று சொல்லிவிட்டு மறுபடி மஞ்சள் மை தடவினால், அதுதான் துரோகம். அவருக்கு நீ தர வேண்டியது உண்மை நிலவரம். சிவப்பு மை நிறைந்த தாளை அவரிடமே காட்டு. அவருக்கு மலாயன் யூனியன் தெரியாமல் இருக்கலாம், சிவப்பு வாரா வாரம் குறைகிறதா என்று பார்க்கத் தெரியும்.

படகுத்துறைக்குப் போவதை நிறுத்த வேணாம். போகும்போது ஒரு வெள்ளைத்தாளும் பேனாவும் எடுத்துக்கொண்டு போ, புத்தகத்தை வீட்டிலேயே வை. சனிக்கிழமை ராத்திரி வீடியோ கால் பண்றேன். முதல் தாளைக் காட்டு, எவ்வளவு காலியாக இருந்தாலும் சரி.

அன்புடன்,
அக்கா