'இல்லை' என்று எழுதுவது

கோவையில் ஒரு பம்ப் கம்பெனிக்கு ஆள் எடுப்பது என் வேலை. ஒருவரை எடுத்தால் பல பேருக்கு இல்லை என்று எழுத வேண்டும். எங்கள் துறையில் எல்லோர் கணினியிலும் அதற்கு ஒரு தயார் வாசகம் இருக்கும்: "உங்கள் விவரங்களைக் கோப்பில் வைத்துக்கொள்கிறோம். பொருத்தமான வாய்ப்பு வரும்போது தொடர்பு கொள்கிறோம்." அந்தக் கோப்பை யாரும் திறப்பதில்லை. அடுத்த முறை ஆள் தேவைப்பட்டால் புதிதாக விளம்பரம் கொடுப்போம், அவ்வளவுதான்.

பிறகு ஏன் அதை எழுதுகிறோம்? கனிவு என்று நாங்களே சொல்லிக்கொள்வோம். பாதி காரணம் நோட்டீஸ் பீரியட். தேர்வானவர் பழைய இடத்தில் அறுபது, தொண்ணூறு நாள் இருந்துவிட்டுத்தான் வர முடியும். அதற்குள் அங்கேயே சம்பளத்தைக் கூட்டிக் கொடுத்து நிறுத்திக்கொள்வார்கள், அல்லது வேறொரு கம்பெனி தூக்கிக்கொண்டு போய்விடும். அதனால் இரண்டாம் இடத்தில் இருப்பவரைக் கைவிட்டுப் போகாமல் வைத்துக்கொள்ள ஆசை. அந்த ஆசைக்கான விலையைக் கொடுப்பது அவர்தான். கையில் இருக்கும் இன்னொரு அழைப்புக்கு வெள்ளிக்கிழமைக்குள் பதில் சொல்ல வேண்டியவர், எங்களை நம்பி அதைத் தள்ளிப் போடுகிறார்.

சமீபத்தில் கணக்குப் பிரிவுக்கு ஒருவரைத் தேடினோம். இரண்டு சுற்று நேர்காணல், ஒரு சின்ன எழுத்துத் தேர்வு. கடைசியில் இரண்டு பேர் நின்றார்கள். ஒருவரை எடுத்தோம். மற்றவருக்கு என் உதவியாளர் எழுதிக் கொண்டுவந்த கடிதம் நன்றியில் தொடங்கி, "உங்கள் திறமை எங்களை வெகுவாகக் கவர்ந்தது" என்று வளர்ந்து, நாலாவது வரியில்தான் "ஆயினும்" என்றது. படிப்பவர் அந்த 'ஆயினும்' வரும்வரை வேலை கிடைத்துவிட்டது என்றே நினைப்பார். கைப்பேசியில் வரும் அறிவிப்பில் முதல் வரி மட்டும்தானே தெரியும்?

மாற்றி எழுதினோம். ஆங்கிலத்தில் போன கடிதத்தின் சாரம் இது:

"கணக்கு அலுவலர் வேலைக்கு வேறொருவரைத் தேர்வு செய்திருக்கிறோம். உங்களை எடுக்க முடியவில்லை. ஜிஎஸ்டி ரிட்டனைத் தனியாகவே தாக்கல் செய்து பழகியவர் எங்களுக்குத் தேவை என்று விளம்பரத்தில் சொல்லியிருந்தோம். தேர்வானவருக்கு அந்த அனுபவம் உங்களைவிடக் கூடுதல். எழுத்துத் தேர்வில் ஒரே பில் இரண்டு முறை பதிவாகியிருந்ததை நீங்கள் கண்டுபிடித்தீர்கள். மற்றவர்கள் யாரும் கவனிக்கவில்லை. இந்த முடிவில் மாற்றம் இருக்காது. வேறு அழைப்புகள் இருந்தால் எங்களை எதிர்பாராமல் முடிவெடுங்கள். இரண்டு முறை விடுப்பு போட்டு வந்ததற்கு நன்றி."

காரணம் ஒன்றுதான் சொன்னோம். அதுவும் விளம்பரத்தில் முன்பே இருந்தது. விளம்பரத்தில் இல்லாத காரணத்தைக் கடிதத்தில் எழுத நேர்ந்தால் பிசகு விளம்பரத்தில் இருக்கிறது என்று பொருள். 'கலகலப்பாகப் பேசவில்லை', 'எங்கள் சூழலுக்குப் பொருந்தவில்லை' போன்றவற்றை எழுதுவதே இல்லை. படித்தவரால் அதை வைத்துக்கொண்டு ஒன்றும் செய்ய முடியாது. ராத்திரி தூக்கம் போவதுதான் மிச்சம். பாராட்டும் அப்படியே. பில்லைக் கண்டுபிடித்தது நடந்த விஷயம், அதனால் நிற்கிறது. 'உங்கள் எதிர்காலம் பிரகாசமாக அமையட்டும்' என்பதை அடித்துவிட்டேன். அதைச் சொல்ல நாங்கள் என்ன ஜோசியர்களா?

இரண்டு சுற்று வந்தவருக்குப் போனில் சொல்வதே மரியாதை என்பார்கள் சிலர். எனக்கு ஒப்புதல் இல்லை. போனில் கேட்பவர் பஸ்ஸில் இருக்கலாம், இப்போதைய மேலதிகாரி எதிரில் இருக்கலாம். ஏமாற்றத்தை அடக்கிக்கொண்டு "பரவாயில்லைங்க மேடம்" என்று நம்மைத் தேற்ற வேண்டிய கட்டாயம் அவருக்கு. கடிதத்தைத் தனியாக இருக்கும்போது படித்துக்கொள்ளலாம். ஆனால் கடிதம் ஒரு ஆளின் முகவரியிலிருந்து போக வேண்டும். பதில் எழுத முடியாத முகவரியிலிருந்து வரும் கடிதம், ஆளை வாசலிலேயே நிறுத்திப் பேசுவது மாதிரி.

எங்கள் மேலாளருக்கு ஒரு வரி மட்டும் பிடிக்கவில்லை. "முடிவு மாறாதுன்னு ஏங்க எழுதறீங்க? நாளைக்கு அந்த ஆள் வரலைன்னா இவரைத்தானே கூப்பிடணும்?" என்றார். அவர் கவலை நியாயம்தான். தேர்வானவர் இன்னும் சரி என்று சொல்லாத நிலை என்றால், "வேறொருவருக்கு வேலை கொடுத்திருக்கிறோம்; வரும் திங்கள் வரை அவருக்கு நேரம்; அன்று உங்களுக்கு எழுதுகிறேன்" என்று தேதி போட்டே எழுதியிருப்பேன். ஆனால் தேர்வானவர் கையெழுத்துப் போட்டாயிற்று. "அவர் வரலைன்னா கூப்பிடுவோங்க. அதுக்குள்ள இவருக்கு வேற இடம் கிடைச்சிருந்தா வேற ஆளைத் தேடுவோம்," என்றேன். மேலாளர் கொஞ்சம் முனகினார். வரியை எடுக்கச் சொல்லவில்லை.